மிருதங்கத்தின் முதல் நான்கு சொற்களும் வலந்தலைச் சுருதியும்

புதிதாக மிருதங்கம் கற்க உட்காருபவர் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி, "எப்படி அடிப்பது?" என்பது. மூன்றாவது வாரத்தில் கேட்பது, "நான் அடித்தால் மட்டும் ஏன் மணி மாதிரி ஒலிக்கவில்லை?" என்பது. இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கையில் இருக்கிறது, மீதி விடை தோலின் சுருதியில். நான்கு அடிப்படைச் சொற்களையும் வலந்தலையைப் பாடகரின் ஆதார சட்ஜத்தில் சேர்ப்பதையும் சேர்த்தே சொல்வது அதனால்தான்.

எதை அடிக்கிறோம்

மிருதங்கத்தின் உடல் பலா மரத்தில் குடைந்தது. அதைக் கட்டை என்பார்கள். பாடகரின் சுருதியையும் "ஒரு கட்டை", "ஐந்தரைக் கட்டை" என்றே சொல்வதால் ஆரம்பத்தில் குழப்பம் வரும். எண்ணோடு வந்தால் சுருதி, எண் இல்லாமல் வந்தால் மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிய வாய் வலந்தலை, பெரிய வாய் இடந்தலை. இடந்தலையைத் தொப்பி என்றும் சொல்வார்கள். வலந்தலையை அருகில் வைத்துப் பாருங்கள். நடுவில் கருப்பாக, சற்று மேடாக இருப்பது கரணை. சோறு என்றும் அதற்குப் பெயர். கருங்கல் போன்ற கிட்டக் கல்லைப் பொடித்து, சோற்றுப் பசையில் குழைத்து, மெல்லிய பூச்சாகப் போட்டுத் தேய்த்து, காய்ந்ததும் அதன்மேல் அடுத்த பூச்சு என்று அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். அதில் தெரியும் மயிரிழை வெடிப்புகள் குறையல்ல. அவை இருந்தால்தான் அந்தக் கனமான பூச்சு தோலோடு சேர்ந்து வளையும். துண்டு துண்டாகப் பெயர்ந்து விழுந்தால்தான் சோறு மாற்ற வேண்டிய நேரம்.

வாயின் ஓரத்தில் வளையமாக இருக்கும் தடித்த தோல் மீட்டு. மீட்டுக்கும் கரணைக்கும் இடையே உள்தோல் ஒரு குறுகிய வட்டமாகத் தெரியும். எல்லாவற்றையும் கட்டையோடு இழுத்துப் பிடித்திருப்பது வார். அந்த வார் நுழைந்து போகும், தலையைச் சுற்றியுள்ள தடித்த பின்னல்தான் மூட்டு. சுருதி சேர்க்கும் வேலை முழுக்க இந்த மூட்டில் நடக்கிறது.

த, தி, தொம், நம்

சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது காலைச் சற்று முன்னே தள்ளி, வலந்தலைப் பக்கத்தை வலது கணுக்காலுக்கு மேல் தாங்கி வையுங்கள். கீழே ஒரு துணி மடித்து வைத்தால் வாத்தியம் உருளாது. தோளைத் தூக்காமல் இரண்டு உள்ளங்கைகளும் இரண்டு வாய்களுக்கும் நேராக வர வேண்டும். வலந்தலையின் நடுவுக்குப் போக வலது கை நீட்ட வேண்டியிருந்தால் வாத்தியம் தள்ளி இருக்கிறது என்று பொருள்.

முதல் பாடத்தில் வரும் நான்கு சொற்களில் இரண்டு இடது கைக்கு, இரண்டு வலது கைக்கு. பாணிக்குப் பாணி சொல்லும் விரலும் சற்று மாறும். உங்கள் குரு வேறு மாதிரிக் காட்டினால் அவர் காட்டியதையே பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது பரவலாகக் கற்பிக்கப்படும் முறை.

த: இடது கையின் நான்கு விரல்களையும் சேர்த்துத் தொப்பியின் மேல் தட்டையாக வைத்து மூடும் அடி. அடித்த கை எழும்பாது, அங்கேயே ஒரு கணம் நிற்கும். ஒலி குட்டையாக, நீண்டு ஒலிக்கும் கார்வை இல்லாமல் வரும்.

தி: வலது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றையும் ஒட்ட வைத்துக் கரணையின் நடுவில் மூடும் அடி. இதிலும் கார்வை கிடையாது. மூன்று விரலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். "த்ரி" என்று சிதறிக் கேட்டால் ஒரு விரல் முந்துகிறது.

தொம்: இடது கை விரல்கள் சேர்ந்தே இருக்கும், ஆனால் விழும் இடம் தொப்பியின் மேல் ஓரம். விழுந்ததும் சுடு பாத்திரத்தைத் தொட்டதுபோல் கை விலகிவிட வேண்டும். கனமான கார்வை வரும். வராவிட்டால் பெரும்பாலும் மணிக்கட்டுக்குக் கீழே உள்ள சதை தோலில் சாய்ந்து கிடக்கும்.

இந்த மூன்றும் ஒரு மாதத்தில் ஓரளவு வந்துவிடும். நான்காவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

நம்: வலது கை மோதிர விரலின் நுனி கரணையின் ஓரத்தை மெல்லத் தொட்டபடி இருக்கட்டும். நடுவிரலும் உள்ளங்கையும் எங்கேயும் படக் கூடாது. இப்போது ஆள்காட்டி விரலால் மீட்டில் அடித்து, அடித்த வேகத்திலேயே எடுத்துவிடுங்கள். சரியாக விழுந்தால் தெளிவான, ஒரே சுரத்தில் நிற்கும் ஒலி கேட்கும். அந்தச் சுரத்தைத்தான் மிருதங்கத்தின் சுருதி என்கிறோம்.

நம் கெடுவதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள், மூன்றையும் காதாலேயே பிரித்துவிடலாம். "டப்" என்று செத்துப்போனால் ஆள்காட்டி விரல் மீட்டிலேயே தங்கிவிட்டது, அல்லது மோதிர விரல் அழுத்துகிறது. கீழ் ஸ்தாயியில் பானையைத் தட்டியதுபோல் பரந்து ஒலித்தால் மோதிர விரல் கரணையைத் தொடவே இல்லை. சுரம் கேட்கிறது, ஆனால் மெலிந்து வெறும் சத்தமாக இருக்கிறது என்றால் விரல் மீட்டை விட்டு உள்தோலில் விழுகிறது.

இதற்குப் பிறகு தின் வரும். மோதிர விரல் அதே இடத்தில், ஆள்காட்டி விரல் மட்டும் மீட்டிலிருந்து கரணைக்கு வந்துவிடும். நம் கூர்மை, தின் மென்மை. சுண்டு விரலின் பக்கவாட்டால் கரணை ஓரத்தில் அடிக்கும் சாப்பு இன்னும் தள்ளி வரும் விஷயம். அதில் வேறு எந்த விரலும் தோலைத் தொடாது. கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் நம் நிலைக்காமல் சாப்புக்குப் போனவர்களின் விரல் நம்மிலும் ஓரம் தவறும்.

மோதிர விரல் அங்கே என்ன செய்கிறது

சாதாரணப் பறையையோ டமாரத்தையோ அடித்தால் தாளம் கேட்கும், சுரம் கேட்காது. ஒரே தடிமனுள்ள வட்டத் தோல் அதிரும்போது அடிப்படை அதிர்வை 1 என்று கொண்டால், அதோடு எழும் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விகிதத்தில் இருக்கும். காது அவற்றை ஒரு சுரமாகச் சேர்க்காது. தந்தியில் அப்படியில்லை. அங்கே 1, 2, 3, 4, 5 என்று முழு எண்களில் வரும், அதனால்தான் தம்பூராத் தந்தி சுரமாகக் கேட்கிறது.

கரணை செய்யும் வேலை, தோலைத் தந்தியின் வரிசைக்குக் கொண்டுவருவது. நடுவில் ஏறிய கனம் ஒவ்வொரு அதிர்வையும் வெவ்வேறு அளவில் தாழ்த்தி, ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் நிறுத்துகிறது. மிருதங்கத்திலும் தபலாவிலும் இப்படி இசைவான மேலொலிகள் எழுவதை சி. வி. ராமன் 1920இல் அறிவியல் இதழில் எழுதினார். வாத்தியம் செய்பவர்கள் அதை அதற்கு வெகு காலம் முன்பே காதால் கண்டுபிடித்துப் பூச்சுப் பூச்சாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இனி மோதிர விரல். எல்லாவற்றிலும் கீழான அதிர்வில் தோல் முழுவதும் ஒன்றாக மேலும் கீழும் போகிறது. விரல் கரணையைத் தொட்டால் அது அடங்கிவிடும். அடுத்த அதிர்வில் தோலின் ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்குகிறது, ஏற்றப் பலகை ஆடுவதுபோல. நடுவில் குறுக்கே ஒரு கோடு மட்டும் அசையாமல் நிற்கும். உங்கள் விரல் அந்தக் கோட்டின் மேல் இருப்பதால் இந்த அதிர்வுக்கு அது தடையில்லை. எனவே நம் அடியில் தடித்த கீழ் ஒலி போய், மேலே உள்ள இசைவான ஒலிகள் மட்டும் மிஞ்சுகின்றன. விரலைத் தூக்கினால் பானை ஒலி வருவதற்கும், அழுத்தினால் எல்லாமே செத்துப்போவதற்கும் காரணம் இதுதான்.

ஏன் சட்ஜம், ஏன் பாடகரின் சட்ஜம்

சுரம் இல்லாத தோலாக இருந்தால் எந்தப் பாட்டுக்கும் எந்த வாத்தியமும் போதும். வலந்தலைக்குத் தெளிவான சுரம் இருப்பதால், அது கச்சேரி முழுக்கப் பாட்டோடு சேர்ந்தோ மோதியோதான் ஒலிக்கும். இடையில் ஒதுங்கி நிற்க அதற்கு வழியில்லை. பாடகர் சுரம் மாறிக்கொண்டே போவார், மிருதங்கம் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அந்த ஒரு சுரம் எந்த ராகத்திலும் விலகாததாக இருக்க வேண்டும். சட்ஜம் மட்டும்தான் அப்படி. பஞ்சமமும் அசையாத சுரம்தான், ஆனால் ஹிந்தோளத்திலும் ஸ்ரீரஞ்சனியிலும் அது கிடையாது.

மேலொலிகளைக் கணக்கில் எடுத்தால் இன்னும் தெளிவாகும். அடிப்படை ஒலி சட்ஜம் என்றால் இரண்டாவது மேல் சட்ஜம், மூன்றாவது பஞ்சமம், நான்காவது மறுபடி சட்ஜம், ஐந்தாவது அந்தர காந்தாரம். தம்பூராவின் சட்ஜத் தந்தி தருவதும் இதே குடும்பம்தான். எனவே சரியாகச் சேர்ந்த மிருதங்கம் தம்பூராவுக்குள் கரைந்துவிடும். வலந்தலையைப் பஞ்சமத்தில் சேர்த்துப் பாருங்கள். அதன் மூன்றாவது ஒலி சதுச்ருதி ரிஷபம், ஐந்தாவது காகலி நிஷாதம். தோடியில் சுத்த ரிஷபத்தையும் கைசிகி நிஷாதத்தையும் பாடிக்கொண்டிருப்பவருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நம்மும் வேறு ரிஷபத்தையும் வேறு நிஷாதத்தையும் முணுமுணுக்கும். அப்படியானால் சட்ஜத்தில் சேர்த்தால் அந்தர காந்தாரம் தோடியின் சாதாரண காந்தாரத்தோடு மோதாதா என்று கேட்கலாம். இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மெலிதாக. தம்பூராவிலும் அது இருப்பதால் காது ஏற்கெனவே பழகிவிட்டது.

ஒரு விதிவிலக்குபோல் தெரியும் இடம் உண்டு. புன்னாகவராளி, குறிஞ்சி, செஞ்சுருட்டி போன்றவற்றை மத்யம சுருதியில் பாடும்போது பாடகர் மத்யமத்தையே சட்ஜமாக வைத்துக்கொள்வார். மிருதங்கத்தை மாற்றாவிட்டாலும் பொருந்தும். ஏனென்றால் பழைய சட்ஜம் புதிய ஆதாரத்துக்குப் பஞ்சமமாகிவிடுகிறது.

அரைக் கட்டை தவறினால்? பாடகரின் சட்ஜத்துக்கு மேல் அரைக் கட்டை என்பது சுத்த ரிஷபம். கல்யாணி பாடும்போது யாரோ பின்னாலிருந்து சுத்த ரிஷபத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மயிரிழை தவறினால் வேறு வகைத் தொல்லை. தம்பூராவும் வலந்தலையும் சேர்ந்து "வாவ், வாவ்" என்று அலையடிக்கும். அந்த அலைதான் சுருதி சேர்ப்பவருக்குக் கிடைக்கும் மிக நல்ல அளவுகோல்.

சேர்ப்பது: ஐந்தரைக் கட்டைக்கு ஓர் உதாரணம்

பொதுவாக ஆண் பாடகர்கள் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டை வரை, பெண் பாடகர்கள் நாலரையிலிருந்து ஆறு வரை பாடுவார்கள். கீழ்ச் சுருதிக்கு நீளமான தக்கு மிருதங்கம், மேல்சுருதிக்குக் குட்டையான ஹெச்சு மிருதங்கம். ஒரே வாத்தியத்தை ஒரு கட்டையிலிருந்து ஐந்துக்குக் கொண்டுபோக முடியாது. அரைக் கட்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு மேல் போனால் ஏற்றும்போது தோல் கிழியும் அபாயம், இறக்கும்போது தோல் தளர்ந்து நம் அடி சுரத்தையே இழக்கும்.

பாடகருக்கு ஐந்தரை, உங்கள் ஹெச்சு மிருதங்கம் ஐந்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தம்பூராவையோ சுருதிப் பெட்டியையோ ஐந்தரையில் ஓடவிடுங்கள். முதலில் வாத்தியத்தைத் தொடாமல் அந்தச் சட்ஜத்தை வாயால் பாடுங்கள். தொண்டையில் பிடிபடாத சுரத்தை விரலால் தேட முடியாது. பிறகு ஒரு நம் அடித்து, அது உங்கள் சுரத்துக்குக் கீழா மேலா என்று மட்டும் முடிவு செய்யுங்கள். கைப்பேசியில் உள்ள சுருதி காட்டும் செயலியை இங்கே அதிகம் நம்பாதீர்கள். மேலொலி வலுவாக இருந்தால் அது பஞ்சமத்தைக் காட்டிவிட்டு உங்களைக் குழப்பும்.

வலந்தலை மேலே வரும்படி வாத்தியத்தை நிமிர்த்திப் பிடியுங்கள். மூட்டின் மேல் சிறு மரத்துண்டை வைத்துக் கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் தோல் இழுபட்டுச் சுருதி ஏறும். மூட்டின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தட்டினால் தளர்ந்து இறங்கும். தட்டு மூட்டில்தான் விழ வேண்டும். கல் வழுக்கி மீட்டில் பட்டால் தோல் வெட்டுப்படும், கரணையில் பட்டால் சோறு தெறிக்கும்.

வார் மூட்டில் நுழையும் இடங்கள் பொதுவாக 16. வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிக்கொண்டு போகாதீர்கள், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தொங்கும். ஓர் இடத்தில் இரண்டு தட்டு, உடனே அதற்கு நேர் எதிரே இரண்டு தட்டு. பிறகு கால் வட்டம் தள்ளி ஓர் இடம், அதன் எதிர் இடம். இப்படி ஒரு சுற்று முடித்து நம் அடித்துப் பாருங்கள். அரைக் கட்டைக்கு ஒரே சுற்றில் போய்விட நினைக்காமல் இரண்டு மூன்று சுற்றாக ஏற்றுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்து ஏற்றிய சுருதி பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

ஐந்தரைக்கு அருகில் வந்ததும் வேலை மாறுகிறது. இப்போது சுற்றிலும் ஒவ்வோர் இடமாக வாத்தியத்தைத் திருப்பித் திருப்பி நம் அடித்து, எல்லா இடமும் ஒரே சுரமா என்று பாருங்கள். ஓர் இடத்தில் அடித்தால் ஐந்தரை, கால் வட்டம் தள்ளி அடித்தால் இழை குறைவு என்று வரலாம். அப்போது எங்கே அடித்தாலும் ஒலி சுத்தமாக நிற்காமல் நடுங்கும். குறைந்த இடத்திலும் அதன் எதிரிலும் ஒவ்வொரு மெல்லிய தட்டு. ஓர் இடம் மட்டும் உயர்ந்திருந்தால் மற்ற பதினைந்தையும் அதற்கு ஏற்றாதீர்கள், அந்த ஒன்றை அடியிலிருந்து மெல்லத் தட்டி இறக்குங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்றைத் துரத்தி மற்றதை ஏற்றி, கடைசியில் வாத்தியம் ஆறு கட்டைக்குப் போய் நிற்கும்.

கடைசியாக, தம்பூரா ஓடும்போதே நம்மும் தின்னும் மாற்றி மாற்றி அடியுங்கள். அலை மெதுவாகி, மெதுவாகி, நின்றுவிட்டால் சேர்ந்துவிட்டது. தம்பூராவின் ஒலி திடீரென்று பெரிதானதுபோல் தோன்றும்.

தொப்பியின் ரவை

தொப்பிக்கு நிரந்தரக் கரணை கிடையாது. இரண்டு மூன்று மேசைக்கரண்டி ரவையை நீர் விட்டுச் சப்பாத்தி மாவை விடச் சற்றுத் தளர்வாகப் பிசைந்து, தோலின் நடுவை ஈரத் துணியால் துடைத்துவிட்டு வட்டமாக அப்புங்கள். நடுவில் தடிப்பாக, ஓரத்தில் மெலிந்து தோலோடு ஒட்டிப் போக வேண்டும். தொம் அடித்துப் பாருங்கள். சுருதி மேலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ரவை, மந்தமாகக் குழறினால் கிள்ளி எடுங்கள். வலந்தலைச் சட்ஜத்துக்குக் கீழ்ச் சட்ஜமாக நிறுத்துவது வழக்கம்.

இரு தலைகளையும் இழுத்துப் பிடிப்பது ஒரே வார் என்பதால், தொப்பியில் எதையாவது இறுக்கினால் வலந்தலையும் நகரும். ரவை அப்பிய பிறகு வலந்தலையை மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள். வாசித்து முடித்ததும் ரவையைச் சுரண்டி எடுத்துத் துடைத்து வையுங்கள். ஊறிய தோலில் ரவை புளித்தால் தோல் நைந்துவிடும், எலியும் தேடி வரும்.

மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கும். குளிரூட்டிய அரங்கிலும் மேடை விளக்குச் சூட்டிலும் காய்ந்து ஏறும். எனவே வீட்டில் சேர்த்துவிட்டு அரங்கில் நேராக உட்காராதீர்கள். மேடையிலேயே உறையைக் கழற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் சேருங்கள். வர்ணம் முடிந்ததும் ஒரு நம் அடித்துக் கேளுங்கள். மாறியிருந்தால் அடுத்த ராக ஆலாபனையில் மிருதங்கத்துக்கு வேலை இல்லை, அந்த நேரம் போதும். ஆனால் ஆலாபனையின் மேல் கல்லோசை கேட்கக் கூடாது. வலந்தலையைக் காதருகே சாய்த்து, விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, இரண்டு தட்டில் முடித்துக்கொள்வது மரியாதை.

இடது கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர்தான். வாத்தியத்தைத் திருப்பி வைத்து வாசிப்பவருக்கும் கரணை உள்ள தலை வலந்தலைதான், சட்ஜத்தில் சேர்வதும் அதுவேதான். விரல்கள் மட்டும் கை மாறும்.